அட்டையின் நிறமும் வாங்கிய வருடமும் மட்டும் நினைவிருக்கும் ஆல்பத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

பாடியவர் பெயர் தெரியாது, ஆல்பத்தின் பெயர் தெரியாது, மெட்டும் நினைவில் இல்லை. அட்டை மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது, எந்த வருடம் வாங்கினோம் என்பதும் நினைவிருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தோழி ஒருத்திக்காக இப்படி ஒரு ஆல்பத்தைத் தேடப் போய், வழி தெரியாமல் நெடுநாள் அலைந்தேன். எந்த வரிசையில் செய்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்பது கடைசியில்தான் புரிந்தது, அந்த வரிசையில்தான் கீழே கொடுத்திருக்கிறேன்.

தோழி சொன்ன விவரம் இது: 1993-ல் வாங்கிய பெரிய இசைத்தட்டு. அட்டை முழுக்கப் பழைய காலத்து எண்ணெய் ஓவியம், கூடை நிறைய ரோஜாப் பூக்கள். வலது பக்கம் மேல் மூலையில் மட்டும் சின்னச் சின்னதாகப் பல நிறக் கட்டங்கள். எழுத்தே கிடையாது. செவ்வியல் இசை. ஓவியத்தில் ஆர்வம் உள்ள ஒருவருக்குப் பரிசாக வாங்கி அப்படியே கொடுத்துவிட்டாள், போட்டுக் கேட்டதில்லை. ஒவ்வொரு படியிலும் இந்த விவரத்தை வைத்தே விளக்குகிறேன்.

1. எந்தப் படத்தையும் பார்ப்பதற்கு முன் காகிதத்தில் எழுதுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேராகத் தேட உட்காராதீர்கள். நூறு அட்டைகளைப் பார்த்தபிறகு உங்கள் நினைவில் இருப்பது எது, இப்போது பார்த்தது எது என்று பிரிக்கவே முடியாது, பார்த்த படங்கள் நினைவுக்குள் கலந்துவிடும். அதனால் முதல் அரை மணி நேரம் காகிதமும் பென்சிலும்தான்.

ஒரு சதுரம் வரையுங்கள் (கேசட் என்றால் நின்ற செவ்வகம்). பின்னணி எந்த நிறம், நடுவில் என்ன, ஓரத்தில் கோடோ சட்டமோ இருந்ததா, எழுத்து இருந்தால் எந்த இடத்தில் என்று குறியுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை, எது எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். இடம் வலம் மாறி நினைவில் தங்குவது சாதாரணமாக நடக்கும், ஆகவே "வலது மூலை" என்று எழுதினாலும் தேடும்போது இடது மூலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அதே காகிதத்தில் இரண்டு பத்தி பிரியுங்கள். ஒன்று, கண்ணால் பார்த்தது. இன்னொன்று, நீங்களாக நினைத்துக்கொண்டது. தோழியின் விவரத்தை இப்படிப் பிரித்தால் பூக்கள், கட்டங்கள், எழுத்து இல்லாதது எல்லாம் முதல் பத்திக்குப் போகும். "செவ்வியல் இசை" என்பது இரண்டாவது பத்தி. அவள் கேட்டதே இல்லை, ஓவியத்தைப் பார்த்து அப்படித் தோன்றியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிரிக்காமல் விட்டதால்தான் எங்கள் தேடல் அவ்வளவு நீண்டது, செவ்வியல் இசைத்தட்டுகள் பக்கமே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தோம்.

பின் அட்டை, தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம், உள்ளுறை, கேசட்டின் பிளாஸ்டிக் நிறம் இவையெல்லாம் நினைவிருந்தால் தனியாக எழுதி மடித்து வையுங்கள். இவற்றைத் தேடப் பயன்படுத்த வேண்டாம், கடைசியில் சரிபார்க்கத் தேவைப்படும். தோழி "பின்னால் ஒரு வட்டம் இருந்தது, சக்கரம் மாதிரி, பல நிறத்தில்" என்று சொன்னாள். அதை அப்படியே எடுத்து வைத்தேன்.

2. வாங்கிய வருடத்தை உறுதி செய்யுங்கள், அதை வெளிவந்த வருடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

வாங்கிய வருடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் உறுதியாகச் சொல்லும்: அந்த ஆல்பம் அந்த வருடத்துக்குப் பிறகு வந்ததல்ல. அதற்கு எவ்வளவு முன்னால் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். புதிதாக, முன்வரிசையில் அடுக்கி வைத்திருந்த இடத்தில் எடுத்தீர்கள் என்றால் அதே வருடம் அல்லது முந்தைய வருடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தள்ளுபடிப் பெட்டியில் கிளறி எடுத்தது என்றால் நாலைந்து வருடம் பின்னால் போக வேண்டியிருக்கும். பழைய தட்டு விற்கும் இடம் என்றால் வருடத்தை மேல் எல்லையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்கினோம் என்பதே நினைவில்லையா? அப்படியானால் வடிவத்தையும் வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள், அது நிறையச் சொல்லும். சி.டி. முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 1982 அக்டோபரில், ஜப்பானில். மற்ற நாடுகளுக்கு 1983-லிருந்து போனது. ஆகவே "1980-ல் சி.டி. வாங்கினேன்" என்றால் வருடம் தப்பு, அல்லது அது சி.டி. இல்லை. இன்னொரு பக்கம், 1990-களின் தொடக்கத்தில் புதிய ஆல்பங்கள் பெரும்பாலும் சி.டி.யிலும் கேசட்டிலும்தான் வந்தன, பெரிய இசைத்தட்டு மிகவும் குறைந்துவிட்டது. தோழி 1993-ல் வாங்கியது இசைத்தட்டு. அப்படியானால் அது பழைய சரக்காகவோ இன்னொருவர் கையிலிருந்து வந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சொன்னதும் அவளுக்கே நினைவு வந்தது, அட்டையின் ஓரம் தேய்ந்திருந்தது என்று. அதோடு தேடல் 1993-ஐ விட்டுப் பின்னால் நகர்ந்தது.

வருடத்தை உறுதி செய்ய உதவும் ஆவணங்களை ஒரு மாலை ஒதுக்கித் தேடுங்கள். ரசீது கிடைத்தால் நல்லது, ஆனால் வெப்பத்தில் அச்சாகும் ரசீதுத் தாள் சில வருடங்களில் வெளுத்துவிடும். கைபேசியில் படம் எடுத்து இருள்-வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தால் எழுத்து தெரிய வாய்ப்பு உண்டு. தபாலில் இசைத்தட்டு அனுப்பும் சங்கத்தில் உறுப்பினராக இருந்திருந்தால் அவர்களுடைய பழைய கணக்குத் தாளில் ஆல்பத்தின் பெயரே இருக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது பழைய புகைப்படங்கள். அறையில் எடுத்த படத்தின் பின்னணியில் அலமாரி தெரியும், மேசைமேல் அட்டை சாய்ந்து நிற்கும். பரிசு கொடுத்த நாளில் எடுத்த படத்தின் பின்புறம் எழுதியிருந்த தேதியை வைத்துத்தான் 1993 என்பது உறுதியானது. படத்தில் பரிசு தாளில் சுற்றியபடி இருந்தது, அட்டை தெரியவில்லை. ஆனால் அதன் அளவு தெரிந்தது. பெரிய இசைத்தட்டு அட்டை ஒரு பக்கம் சுமார் 31 செ.மீ. இருக்கும், கையில் பிடித்திருப்பவரின் தோள் அகலத்தோடு ஒப்பிட்டாலே சி.டி.யா தட்டா என்று சொல்லிவிடலாம்.

3. நிறத்தை எவ்வளவு நம்பலாம்

நிறம் நினைவில் தங்கும்போது அருகில் இருக்கும் "சுத்தமான" நிறத்தின் பக்கம் சாய்ந்துவிடும். பச்சை கலந்த நீலம் வெறும் நீலமாகவும், செங்கல் நிறம் சிவப்பாகவும் நினைவிருக்கும். அதனால் நீலம் என்று எழுதியிருந்தால் பச்சையின் பக்கமும் ஊதாவின் பக்கமும் ஒரு அடி எடுத்துவைத்துப் பாருங்கள்.

அட்டையே நிறம் மாறியிருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. வெயில் படும் இடத்தில் வைத்த அச்சுத் தாளில் மஞ்சள் மையும் சிவப்பு மையும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் மிஞ்சும். வருடக்கணக்கில் ஜன்னலோரம் நின்ற ஆரஞ்சு அட்டை வெளிர் நீலமாக, சாம்பலாக உங்கள் நினைவில் இருக்கலாம். உங்களுடையது வெயிலில் இருந்ததென்றால் நீலத்தைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, எந்தப் பக்கத்தின் நிறம் அது? அலமாரியில் வருடக்கணக்கில் கண்ணில் பட்டது முதுகுப் பட்டை மட்டும்தான். "மஞ்சள் ஆல்பம்" என்று நினைத்துக்கொண்டிருப்பதன் முன்பக்கம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக இருக்கும். கையில் பிடித்த நினைவா, அலமாரியில் பார்த்த நினைவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு பொறி, வெளியிட்ட நிறுவனத்தின் அடையாளம். டாய்ச் கிராமஃபோன் வெளியீடுகளின் அட்டையில் பெரிய மஞ்சள் பெயர்க் கட்டம் ஒன்று இருக்கும், எந்த ஆல்பமானாலும் அதே மஞ்சள். மலிவு விலைத் தொடர்களில் வரும் சட்டங்கள், மூலைப் பட்டைகளும் அப்படித்தான். உங்கள் நினைவில் இருக்கும் வடிவம் இப்படிப்பட்டது என்று தெரிந்தால் அது ஆல்பத்தைக் காட்டாது, ஆனால் நிறுவனத்தைக் காட்டும், தேடும் வட்டம் வெகுவாகச் சுருங்கும். தோழி சொன்ன நிறக் கட்டங்கள் அந்த மாதிரியோ என்று செவ்வியல் நிறுவனங்களின் அடையாளங்களைத் தேடிப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. இது செவ்வியல் இசை இல்லையோ என்று முதலில் தோன்றியது அப்போதுதான்.

கேசட் வாங்கியவர்களுக்கு இன்னொன்று: சதுர அட்டையை நின்ற செவ்வகத்துக்குள் அடைக்க வேண்டியிருந்ததால், படத்தைச் சிறிதாக்கி மேலேயோ கீழேயோ வெற்று நிறப் பட்டை சேர்த்திருப்பார்கள், அல்லது படத்தின் இரு ஓரத்தையும் வெட்டியிருப்பார்கள். உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் அந்தச் சிவப்புப் பட்டை இசைத்தட்டு அட்டையில் இருக்கவே இருக்காது.

4. முதல் தேடல்: படத் தேடலில் வார்த்தைகள்

இதற்கு ஒரு மணி நேரம் போதும், செலவு கிடையாது. அட்டைகளைப் பற்றிய விவரிப்புகள் இணையத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்திலேயே தட்டுங்கள். கண்ணால் பார்த்த பத்தியிலிருந்து மட்டும் வார்த்தைகளை எடுங்கள்:

```
album cover oil painting basket of roses small colored squares corner
```

இதில் வருடத்தைச் சேர்க்க வேண்டாம். ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அது வெளிவந்த வருடத்தைத்தான் எழுதுவார்கள், நீங்கள் வாங்கிய வருடம் எங்கேயும் இருக்காது. 1993 என்று சேர்த்தால் 1993-ல் வெளிவந்தவை எல்லாம் முன்னால் வந்து நிற்கும், உங்களுடையது பின்னால் தள்ளப்படும். இசை வகையையும் கேட்டு உறுதி செய்திருந்தால் மட்டும் சேருங்கள். நாங்கள் 1993, செவ்வியல் என்ற இரண்டையும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தோம். அவள் மிக உறுதியாகச் சொன்ன அந்த இரண்டும்தான் ஆல்பத்தை மறைத்துக்கொண்டிருந்தன.

கூகுள் படத் தேடலில் கருவிகள் என்ற பகுதியைத் திறந்தால் நிறத்தை வைத்து வடிகட்டலாம். அங்கே கண்ணைக் கவர்ந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வடிகட்டி பார்ப்பது படத்தில் அதிக இடத்தை நிரப்பும் நிறத்தைத்தான். ரோஜாப் பூ என்றதும் இளஞ்சிவப்பை அழுத்தத் தோன்றும், ஆனால் அந்த ஓவியத்தில் பின்னணிதான் பெரிய இடம், அது மங்கிய பழுப்புச் சாம்பல். வரைந்து வைத்த சதுரத்தைப் பார்த்து, அதிக இடம் பிடிப்பது எது என்று முடிவு செய்யுங்கள்.

நீங்கள் வரைந்த படத்தையே ஏற்றித் தேடலாமா என்று கேட்பவர்களுக்கு: படத்தை வைத்துத் தேடும் வசதி அசல் படத்தின் நகலைக் கண்டுபிடிக்கத்தான் நன்றாக உதவும். பென்சில் கோட்டைக் கொடுத்தால் மற்ற பென்சில் கோடுகள்தான் வரும்.

5. பெரிய தேடல்: தரவுத்தளத்தில் அட்டைகளை வரிசையாகப் பார்ப்பது

வார்த்தையில் கிடைக்கவில்லை என்றால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சரியான இடம் டிஸ்காக்ஸ். பயனர்கள் தங்கள் கையில் இருக்கும் இசைத்தட்டு, கேசட், சி.டி. ஒவ்வொன்றையும் அட்டைப் படத்தோடு பதிந்து வைத்திருக்கும் தரவுத்தளம் அது. தேடுவதற்குக் காசு இல்லை. தேடல் பக்கத்திலேயே வடிவம், வகை, நாடு, பத்தாண்டு என்று ஒவ்வொன்றாக அழுத்திச் சுருக்கிக்கொண்டே போகலாம். முகவரிப் பெட்டியில் நேராகவும் தட்டலாம்:

```
https://www.discogs.com/search/?type=master&format_exact=Vinyl&genre_exact=Electronic&year=1983&sort=have%2Cdesc
```

இதில் நீங்கள் மாற்ற வேண்டியவை வடிவம், வகை, வருடம் மூன்றும்தான். `CD`, `Cassette`, `Vinyl` என்று வடிவத்தையும், `Rock`, `Jazz`, `Classical` என்று வகையையும் மாற்றலாம், வகை தெரியாவிட்டால் அந்தத் துண்டையே எடுத்துவிடுங்கள். `sort=have%2Cdesc` என்பது அதிகம் பேரிடம் இருக்கும் ஆல்பங்களை முதலில் காட்டும். சாதாரணமாகக் கடையில் பார்த்து வாங்கிய ஆல்பம் என்றால் அது மற்றவர்களிடமும் இருக்கத்தான் செய்யும், ஆகவே முன்பக்கங்களிலேயே வர நல்ல வாய்ப்பு உண்டு.

`type=master` என்பதற்கு அர்த்தம் தெரிந்துகொள்வது அவசியம். ஒரே ஆல்பம் பல நாடுகளில், பல வருடங்களில், பல வடிவங்களில் வந்திருக்கும். அவை எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி வைத்திருப்பதுதான் மாஸ்டர், அதன் வருடம் அவற்றில் மிகப் பழையதன் வருடம். இதை `type=release` என்று மாற்றினால் ஒவ்வொரு பதிப்பும் தனித்தனியாக, அந்தந்தப் பதிப்பின் வருடத்தோடு வரும். முதல் சுற்றில் மாஸ்டர் வையுங்கள், ஒரு ஆல்பத்துக்கு ஒரு படம் என்பதால் வேகமாகப் போகும். வாங்கிய வருடத்தில் தொடங்கி ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போங்கள். அதில் கிடைக்காவிட்டால் இரண்டாவது சுற்றில் பதிப்புகளைப் பாருங்கள், அப்போது வாங்கிய வருடத்தையும் நாட்டையும் போடலாம். மறுபதிப்பையோ, உங்கள் நாட்டுக்கென்று மாற்றிய அட்டையையோ நீங்கள் வாங்கியிருந்தால் இந்தச் சுற்றில்தான் அகப்படும். மாஸ்டரில் தெரியும் ஒற்றைப் படம் வேறு நாட்டு அட்டையாக இருந்துவிட்டால், கண்ணெதிரே இருந்தும் கடந்து போய்விடுவீர்கள்.

இரண்டு சுற்றிலும் சிக்காமல் நழுவுபவையும் உண்டு. பல பதிவுகளில் வருடமே இருக்காது, அட்டையில் தேதி அச்சிடாமல் வந்திருக்கும், பதிந்தவரும் காலியாக விட்டிருப்பார், கேசட்டுகளில் இது நிறைய. வருடத்தை வைத்து வடிகட்டினால் இவை ஒட்டுமொத்தமாக மறைந்துவிடும். ஆகவே மூன்றாவதாக வருடத்தை எடுத்துவிட்டு, நாடு, வடிவம், வகை இவற்றை இறுக்கிக்கொண்டு ஒருமுறை பாருங்கள்.

பார்க்கும் விதம்: படத்தைச் சிறிதாகவே வைத்துக்கொண்டு வேகமாக உருட்டுங்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தி யோசித்தால் கண் சோர்ந்துவிடும், எல்லாமே தெரிந்த மாதிரி தோன்ற ஆரம்பிக்கும். நிறமும் இடமும் ஒத்துவருபவற்றை மட்டும் தனித் தாவலில் திறந்து வைத்துவிட்டு மேலே போங்கள். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். எந்த வருடம், எந்த வகை, எத்தனையாவது பக்கம் வரை பார்த்தீர்கள் என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பார்த்ததையே மறுபடி பார்ப்பீர்கள்.

எங்கள் கதையில், செவ்வியல் என்பதை விட்டுவிட்டு, தட்டு வடிவம், வகை எதுவும் இல்லை என்று 1993-லிருந்து பின்னால் போனோம். பின்னால் போகப் போக ஒவ்வொரு வருடமும் குவியல் பெரிதானது. அப்போது காகிதத்தை மறுபடி பார்த்தேன். எழுத்தே இல்லாத அட்டை, பழைய ஓவியத்தின் மேல் வடிவமைப்பாளர் ஒருவர் வேண்டுமென்றே வைத்த கட்டங்கள். இப்படிச் செய்யத் துணிபவர்கள் 1980-களின் ராக், எலக்ட்ரானிக் குழுக்களாக இருக்கும் என்று நினைத்து அந்த இரண்டு வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். 1983-ல், எலக்ட்ரானிக் பிரிவில், முன்பக்கத்திலேயே இருந்தது: நியூ ஆர்டர் குழுவின் `Power, Corruption & Lies`. அட்டையில் இருப்பது ஹென்றி ஃபான்டான்-லத்தூர் 1890-ல் வரைந்த ஓவியம், லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அட்டையை வடிவமைத்தவர் பீட்டர் சாவில். குழுவின் பெயரையும் ஆல்பத்தின் பெயரையும் எழுத்தில் போடாமல் நிறச் சங்கேதமாக வைத்திருக்கிறார், அந்தக் கட்டங்கள் அந்தச் சங்கேதத்தைச் சேர்ந்தவை.

உங்கள் அட்டையிலும் ஏதாவது பழைய ஓவியமோ புகழ்பெற்ற புகைப்படமோ இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஆல்பத்தை விட்டுவிட்டு முதலில் ஓவியத்தைக் கண்டுபிடியுங்கள். ஓவியங்கள் அருங்காட்சியகத் தளங்களில் பொருள்வாரியாகப் பிரித்துக் கிடைக்கும், ஓவியத்தின் பெயர் கிடைத்ததும் அதோடு `album cover` சேர்த்துத் தட்டினால் போதும்.

6. மற்றவர்களிடம் கேட்பது

இதை முதலிலேயே செய்யாமல் மேலே உள்ளவற்றை முடித்துவிட்டுச் செய்தால் நல்ல பதில் வரும், ஏனென்றால் உங்களிடம் அப்போது தெளிவான விவரம் இருக்கும். ரெட்டிட்டில் `r/tipofmytongue` என்ற இடம் இதற்கென்றே இருக்கிறது. தலைப்பு இந்த வடிவில் தொடங்க வேண்டும்:

```
[TOMT][ALBUM][1993 or earlier] LP, old painting of roses, small colored squares in top right corner, no text
```

பதிவிட்டதும் நீங்களே முதல் கருத்து ஒன்றை இட வேண்டும், அது அங்கே விதி. வரைந்த படத்தைச் சேருங்கள். உறுதியானவை, சந்தேகமானவை என்று பிரித்து எழுதுங்கள், "செவ்வியலாக இருக்கலாம், கேட்டதில்லை" என்று எழுதினால் படிப்பவர் அந்தக் கதவை மூடிவிட மாட்டார். ஏற்கெனவே பார்த்துத் தள்ளிய ஆல்பங்களையும் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் அவையே திரும்பத் திரும்பப் பதிலாக வரும். பதிவு மேலே தெரியும் முதல் சில மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பதில் சொல்ல முடிகிற நாளாகப் பார்த்துப் போடுங்கள். முதல் படியில் மடித்து வைத்த விவரத்தை மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள்.

7. இதுதானா என்று சரிபார்ப்பது

நாட்கணக்கில் தேடியபின் ஓரளவு ஒத்துவரும் அட்டை கண்ணில் பட்டதும் "இதேதான்" என்று மனசு சொல்லிவிடும். அதை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. இப்போதுதான் மடித்து வைத்த காகிதத்தைத் திறக்க வேண்டும். டிஸ்காக்ஸில் அந்த ஆல்பத்தின் மற்றப் படங்களைத் திறந்து பின் அட்டை, உள்ளுறை, நடு வட்டக் காகிதம் எல்லாவற்றையும் பாருங்கள். முன் அட்டையில் தெரியாத ஒரு விவரமாவது ஒத்துப்போக வேண்டும். இந்த ஆல்பத்தின் பின் அட்டையில் முன்னால் இருக்கும் சங்கேதத்தைப் படிப்பதற்கான நிறச் சக்கரம் இருக்கிறது. தோழி சொன்ன சக்கரம் அதுதான், அங்கேயே சந்தேகம் தீர்ந்தது.

அப்படி எந்தக் கூடுதல் விவரமும் நினைவில் இல்லாதவர்கள் பாட்டைப் போட்டுக் கேளுங்கள், முதல் பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டின் ஆரம்பம் தானாக மனசில் வருகிறதா என்று பாருங்கள். அட்டைப் படத்தைவிட வலுவான சாட்சி அது.

8. வாங்குவதாக இருந்தால்

தேடியவரை செலவு இல்லை, செலவு ஆரம்பிப்பது இங்கேதான். கேட்க மட்டும் வேண்டும் என்றால் இணையத்தில் கேட்டுவிடலாம். அதே அட்டை கையில் வேண்டும் என்றால் எந்தப் பதிப்பு என்பதைத் தீர்மானிக்க வேண்டும். முதுகுப் பட்டையிலோ பின் அட்டையிலோ இருக்கும் பட்டியல் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தேடிய இங்கிலாந்து முதல் பதிப்பின் எண் `FACT 75`. அதன்பின் பல மறுபதிப்புகள் வந்திருக்கின்றன, விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே படத்தைப் போட்டிருப்பார்கள். தரவுத்தளப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கையில் இருக்கும் பிரதியின் முன், பின், முதுகு மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தட்டின் நிலையும் அட்டையின் நிலையும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். `NM` என்றால் புதிது மாதிரி, `VG+` லேசான தேய்மானம், `VG` என்றால் தேய்மானம் நன்றாகவே தெரியும். நீங்கள் தேடுவது அட்டை என்பதால் இரண்டாவதை முதலில் பாருங்கள், தட்டு நன்றாக இருந்து அட்டை கிழிந்த பிரதிகள் நிறைய விற்பனைக்கு வரும். அட்டையே இல்லாமல் வருவதும் உண்டு, அதற்கு `Generic` என்று போட்டிருப்பார்கள், அதன் அர்த்தம் வெற்று உறையில் வரும் என்பது.

விலை நியாயமா என்று பார்க்க, பதிப்பின் பக்கத்திலேயே இதுவரை விற்றதன் குறைந்த விலை, நடுவிலை, அதிக விலை மூன்றும் இருக்கும். நடுவிலையை வைத்து ஒப்பிடுங்கள். அதோடு அனுப்பும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இசைத்தட்டு கனமானது, வேறு நாட்டிலிருந்து வந்தால் தபால் செலவே தட்டின் விலையைத் தாண்டிவிடலாம், சுங்க வரியும் சேரலாம். முதலில் உங்கள் நாட்டுக்குள் விற்பவர் இருக்கிறாரா என்று வடிகட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பதிப்பை உங்கள் கணக்கில் விருப்பப் பட்டியலில் சேர்த்து வையுங்கள், யாராவது விற்பனைக்குப் போட்டதும் மின்னஞ்சல் வரும். அனுப்பச் சொல்லும்போது தட்டை அட்டைக்குள் வைக்காமல் வெளியே எடுத்துத் தனியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள், உள்ளே இருந்தால் வழியில் குலுங்கி அட்டையின் ஓரம் கிழிந்துவிடும்.